உப்பளத்து மண்ணும் உலர்த்தும் அடுப்பும்: ஒரு ஈரப்பத ரெக்கார்டின் கணக்கு

மண்ணின் ஈரப்பதத்தை அடுப்பில் உலர்த்திக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, கல்லூரி ரெக்கார்டு நோட்டில் பெரும்பாலும் முதல் சில பக்கங்களிலேயே முடிந்துவிடும். மூன்று முறை எடை, ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான். ஈர மண்ணை மூடி போட்ட அலுமினிய டப்பாவில் எடுத்து எடை பார்க்கிறோம். 105 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அடுப்பில் 24 மணி நேரம் வைக்கிறோம். ஆறவைத்து மறுபடி எடை பார்க்கிறோம். ஐ.எஸ். 2720 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் இரண்டாம் பகுதி சொல்லும் முறையும் இதுதான்.

w = (W2 − W3) / (W3 − W1) × 100

W1 வெறும் டப்பா, W2 ஈர மண்ணோடு டப்பா, W3 உலர்ந்த மண்ணோடு டப்பா. இந்தச் சூத்திரம் இரண்டு விஷயங்களைச் சொல்லாமலே ஏற்றுக்கொள்கிறது. அடுப்பில் காணாமல் போனதெல்லாம் மண்ணின் இடுக்கில் இருந்த தண்ணீர் என்பது ஒன்று. டப்பாவில் மிஞ்சியதெல்லாம் மண் என்பது இன்னொன்று. பரமக்குடிப் பக்கத்து வயல் மண்ணுக்கு இரண்டையும் பெரிதாகச் சந்தேகப்பட வேண்டியதில்லை. வாலிநோக்கத்து உப்பளத்து மண்ணில் இரண்டுமே பொய்க்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அவை எதிரெதிர்த் திசையில் பொய்ப்பதால், விடையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ராமநாதபுரம் கரையில் எடுத்த இரண்டு மண்ணை ஒரு மாணவி ஒரே நோட்டில் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று உச்சிப்புளிப் பக்கத்துத் தென்னந்தோப்பில், தண்ணீர் பாய்ச்சி இரண்டு நாள் ஆன இடத்தில், ஒரு சாண் ஆழத்தில் எடுத்த மணல். மற்றது வாலிநோக்கத்தில், காய்ச்சும் பாத்தி ஒன்றின் வரப்போரமாக எடுத்த சாம்பல் நிறக் களிமண். முதலில் மணல், ஏனென்றால் அது சொன்னபடி கேட்கும்.

மணல் டப்பாவின் எடை 21.36 கிராம். ஈர மணலோடு 68.92. உலர்ந்த பின் 66.47. போன தண்ணீர் 2.45 கிராம், உலர்ந்த மணல் 45.11 கிராம். வகுத்து நூறால் பெருக்கினால் 5.43 சதவீதம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எதால் வகுக்கிறோம் என்பது. உலர்ந்த மண்ணால் வகுக்காமல் ஈர மண்ணின் எடையால், அதாவது 47.56 கிராமால் வகுத்துவிட்டால் 5.15 சதவீதம் வரும். 5.43-க்கும் 5.15-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் உறுத்தாது. அதனால் மணலில் மட்டும் செய்து பார்த்தவருக்கு இந்தத் தவறு கடைசிவரை தெரியாமலே போகும். ஈரம் அதிகமான களிமண்ணில்தான் அது வெளியே வரும். 28 சதவீதம் வரவேண்டிய இடத்தில் 22 வந்து நிற்கும். உலர் எடையை அடிப்படையாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஈரம் ஏறி இறங்கினாலும் மாறாமல் இருப்பது அது ஒன்றுதான். அதனால் நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் அப்படியே ஒப்பிடலாம். ஈரப்பதம் நூறு சதவீதத்தைத் தாண்டினால் தவறு என்று சிலர் அடித்துவிடுவார்கள். சேற்றில் அது சாதாரணமாக நூறைத் தாண்டும்.

இரண்டாவது, மூடி. மணலை எடுத்த இடத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் பேருந்தில் வரும்போது டப்பாவின் மூடி சரியாக உட்காரவில்லை, வெயிலில் அரை கிராம் தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2.45 என்பது 1.95 ஆகும், விடை 4.3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இருந்த ஈரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கணக்கிலிருந்தே போய்விட்டது. அதே அரை கிராம் வாலிநோக்கத்துக் களிமண்ணில் போனால் 27.8 என்பது 26.2 ஆகும். அங்கே பதினேழில் ஒரு பங்குதான் நஷ்டம். ஆக, பிழைக்கான காரணங்கள் என்ற தலைப்பின் கீழே ‘போக்குவரத்தில் ஆவியாதல்’ என்று இரண்டு மண்ணுக்கும் பொதுவாக ஒரே வரி எழுதுவது போதாது. மணலுக்கு அது பெரிய பிழை, களிமண்ணுக்குச் சின்னது. இதைத் தடுக்கும் வழி எளிது. மண்ணை எடுத்த இடத்திலேயே மூடியைச் சுற்றி ஒட்டுநாடா சுற்ற வேண்டும், அல்லது தராசைக் கையோடு கொண்டுபோய் W2-வை அங்கேயே பார்த்துவிட வேண்டும். டப்பாவுக்கு மட்டுமல்ல, மூடிக்கும் எண் போட வேண்டும். மூடிகள் மாறிப்போனால் வரும் சில பத்து மில்லிகிராம் வித்தியாசமும் மணலில் தெரியும்.

தராசு 0.01 கிராம் வரை காட்டுவது என்றால் ஒவ்வொரு எடையிலும் கடைசி இலக்கம் ஒன்று முன்னேபின்னே இருக்கலாம். இரண்டு எடையைக் கழித்து வந்த 2.45-இல் இரண்டு இலக்கம் வரை ஆடலாம். அது விடையில் 0.04 அளவுக்கு வரும். எனவே 5.43 என்பதன் கடைசி 3-க்கு மதிப்பு இல்லை. 5.4 என்று எழுதினால் போதும். கால்குலேட்டர் காட்டிய 5.431168-ஐ அப்படியே எழுதிவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

சரி, இப்போது உப்பளத்துக்கு வருவோம்.

கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவைக்கும்போது அதிலுள்ள உப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புக் கூறு பிரிந்துபோகும். அப்புறம், உப்புநீரின் அடர்த்தியை மிதந்து காட்டும் பாமே மானியில் நீர் சுமார் 13 டிகிரியைத் தாண்டும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரியை எட்டிய பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு படியும். ஆகவே காய்ச்சும் பாத்தியின் தரையிலும் வரப்பிலும் சாப்பாட்டு உப்பைவிட ஜிப்சம்தான் முதலில் குடியேறுகிறது. வரப்பு மண்ணைக் காயவைத்துக் கைலென்ஸில் பார்த்தால் சின்னச் சின்னத் தகடுகளாக, ஊசிகளாக மினுங்குவது தெரியும்.

ஜிப்சத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடக்கின்றன. அது மண்ணின் ஈரம் அல்ல, கனிமத்தின் உடம்பு. செடியின் வேர் அதை உறிஞ்ச முடியாது, அது ஓடாது, ஊறாது. ஆனால் 105 டிகிரியில் அதுவும் கிளம்பிவிடும். தண்ணீரில் முக்கால் பங்கு போனால் ஜிப்சம் தன் எடையில் 15.7 சதவீதத்தை இழக்கும். முழுவதும் போனால் 20.9 சதவீதம். தராசுக்கு இடுக்குத் தண்ணீரும் கனிமத் தண்ணீரும் ஒன்றுதான். இதனால்தான் ஜிப்சம் இருக்கும் மண்ணை 60 முதல் 80 டிகிரிக்குள் உலர்த்தச் சொல்கிறார்கள்.

நம் மாணவி ஒரே டப்பாவை இரண்டு கட்டமாக உலர்த்துகிறார். இதுதான் இந்த ரெக்கார்டிலேயே நல்ல காரியம். டப்பா 21.90 கிராம், ஈர மண்ணோடு 60.15. முதலில் 60 டிகிரியில் வைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை காத்திருக்கிறார். தொடர்ந்து எடுத்த ரீடிங்குகள் 52.41, 52.36, 52.35. எடை நின்றுவிட்டது. போனது 7.80 கிராம், மிஞ்சியது 30.45 கிராம், ஈரப்பதம் 25.6 சதவீதம். பிறகு அதே டப்பாவை 105 டிகிரிக்கு ஏற்றி, மறுபடி எடை நிற்கும்வரை வைக்கிறார். இப்போது 51.82. மொத்தம் போனது 8.33 கிராம், மிஞ்சியது 29.92. ஈரப்பதம் 27.8 சதவீதம்.

இடையில் கூடுதலாகப் போன 0.53 கிராம் எங்கிருந்து வந்தது? எல்லாமே ஜிப்சத்திலிருந்து என்று கொண்டால், 0.53-ஐ 0.157-ஆல் வகுத்து, 3.4 கிராம் ஜிப்சம் என்று வரும். அதாவது உலர்ந்த மண்ணில் சுமார் 11 சதவீதம். ஜிப்சம் தன் தண்ணீர் முழுவதையும் விட்டுவிட்டது என்று கொண்டால் 8 சதவீதம். ஆனால் இதை உச்சவரம்பு என்றுதான் எழுத வேண்டும். களிமண் துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் ஈரத்தில் கொஞ்சம் 60 டிகிரிக்கு அசையாது, 105-இல்தான் போகும். அந்த 0.53-இல் அதற்கும் ஒரு பங்கு உண்டு. உச்சிப்புளி மணலையும் இதே இரண்டு கட்டத்தில் உலர்த்திப் பார்த்தால் வித்தியாசம் அநேகமாக எதுவும் வராது. சுத்தமான மணலில் ஜிப்சமும் இல்லை, களிமண்ணும் இல்லை. மணலில் கிடக்கும் சிப்பித் துண்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை சிதைய இதைவிடப் பல நூறு டிகிரி அதிகம் வேண்டும்.

இது முதல் நம்பிக்கை பொய்த்த கதை. இரண்டாவது, மிஞ்சியதெல்லாம் மண் என்பது. உப்பளத்து மண்ணின் இடுக்கில் இருப்பது தண்ணீர் அல்ல, உப்புநீர். அடுப்பில் தண்ணீர் மட்டும் பறந்துபோகும். அதில் கரைந்திருந்த உப்பு டப்பாவிலேயே படிந்து, மண்ணின் கணக்கில் சேர்ந்துவிடும். வகுக்கும் எண் பெருத்துவிடுவதால் விடை சிறுக்கும்.

இதைத் திருத்த, இடுக்கிலிருக்கும் நீரில் எத்தனை பங்கு உப்பு என்று தெரிய வேண்டும். மண் எடுத்த குழியிலேயே ஊறி நின்ற நீரில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்க்கலாம். பாமே மானியை மிதக்கவிட்டும் பார்க்கலாம். உப்பளத்தில் அந்தக் கருவி எப்படியும் இருக்கும். எடைக்கு எடை 20 சதவீதம் உப்பு என்று கிடைத்ததாகக் கொள்வோம். பாமே மானியில் அது 19 டிகிரியை ஒட்டி வரும். ஜிப்சம் படியும் கட்டத்துக்குள்தான் இது இருக்கிறது, ஆக இரண்டு தடயமும் பொருந்துகின்றன.

நூறு கிராம் உப்புநீரில் 80 தண்ணீர், 20 உப்பு. போன தண்ணீர் 7.80 கிராம் என்றால் முதலில் இருந்த உப்புநீர் 7.80-ஐ 0.80-ஆல் வகுத்தது, 9.75 கிராம். படிந்த உப்பு 1.95 கிராம். அதை 30.45-இலிருந்து கழித்தால் உண்மையான மண் 28.50 கிராம். இப்போது ஈரப்பதம் 7.80-ஐ 28.50-ஆல் வகுத்து, 27.4 சதவீதம்.

இங்கே நின்று பாருங்கள். எந்தத் திருத்தமும் செய்யாமல் 105 டிகிரியில் உலர்த்திச் சூத்திரத்தில் போட்டபோது கிடைத்தது 27.8. ஜிப்சத்தை மட்டும் திருத்தினால் 25.6. உப்பை மட்டும் திருத்தி ஜிப்சத்தை விட்டுவிட்டால் 29.9. இரண்டையும் திருத்தினால் 27.4. ஒன்றும் தெரியாமல் செய்தவரின் விடையும் எல்லாம் தெரிந்து செய்தவரின் விடையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து நிற்கின்றன. பாதி தெரிந்தவர்தான் மாட்டிக்கொள்கிறார். இந்தப் பொருத்தம் இந்தப் பாத்தியின் ஜிப்சத்துக்கும் இன்றைய உப்பு அடர்த்திக்கும் நேர்ந்த தற்செயல். நாலு பாத்தி தள்ளி, ஜிப்சம் படியாத முதல் கட்டப் பாத்தியில் எடுத்திருந்தால் பிழைகள் இப்படி ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருக்காது. எனவே எதிர்பார்த்த விடைக்குப் பக்கத்தில் வந்தது என்பதை வைத்து முறை சரி என்று எழுத முடியாது.

எப்போது உப்புத் திருத்தம் தேவையில்லை என்பதையும் கணக்கே சொல்லிவிடும். இடுக்கில் இருப்பது சாதாரணக் கடல்நீர், கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்றால், மேலே உள்ள அதே டப்பாவில் 25.6 என்பது 25.9 ஆகும். கால் சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்துக் கரையோரச் சேற்றுக்கு இந்தத் திருத்தத்தை விட்டுவிடலாம். உப்பளத்துக்கும், கோடையில் மேலே வெள்ளை பூக்கும் உவர் நிலத்துக்கும் விடக்கூடாது. குழியில் ஊறிய நீருக்கும் ஒரு குறை உண்டு. மேல்மண்ணில் நீர் ஏறி ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அங்கே உப்பு அடர்த்தி குழிநீரைவிடக் கூடுதலாக இருக்கும். மண்ணை மேலாக எடுத்தால் 20 சதவீதம் என்பது குறைந்த மதிப்பீடு.

அடுத்தது ஆறவைக்கும் கட்டம். சூடான டப்பாவைத் தராசில் வைத்தால் அதைச் சுற்றியுள்ள காற்று சூடேறி மேலே எழும்பும். தராசு எடையைக் குறைத்துக் காட்டும், டப்பா ஆற ஆற எண் ஏறும். அதனால்தான் சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் ஆறவைக்கச் சொல்கிறார்கள். கடற்கரை ஆய்வுக்கூடத்தில் இதோடு இன்னொன்று சேர்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டிப் போனாலே சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்து தண்ணீர் இழுத்துக் கசியத் தொடங்கும். உப்பு வாரிய பின் மிஞ்சும் கசப்பு நீரில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மண்டபத்திலும் கீழக்கரையிலும் 33 சதவீதத்துக்குக் கீழே காற்று காய்வது அபூர்வம். ஆகவே உலர்ந்த உப்பளத்து மண்ணைத் திறந்து வைத்தால் அது தராசின் மேலேயே கனக்கிறது.

இரண்டு காரணத்திலும் தராசின் எண் ஏறுகிறதே, எப்படிப் பிரித்தறிவது? சூட்டினால் ஏறும் எண் டப்பா அறைச்சூட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். உப்பு இழுப்பதால் ஏறும் எண் நிற்காது, அஞ்சு நிமிடம் கழித்துப் பார்த்தாலும் இன்னும் இரண்டு இலக்கம் கூடியிருக்கும். மணல் டப்பாவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது. அது ஓர் இடத்தில் நிற்கும், உப்பு டப்பா மட்டும் ஏறிக்கொண்டே போகும். அடுப்பிலிருந்து எடுக்கும்போதே மூடியைப் போட்டு அழுத்தி, மூடியோடு டெசிக்கேட்டரில் வைத்து, மூடியோடு எடை பார்ப்பதுதான் வழி. W1-ஐயும் மூடியோடுதான் எடுத்திருக்க வேண்டும். டெசிக்கேட்டரில் இருக்கும் ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக, அல்லது ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறியிருந்தால் அதை அடுப்பில் காயவைத்த பிறகு பயன்படுத்த வேண்டும். நிறம் மாறிய ஜெல்லோடு கூடிய டெசிக்கேட்டர் வெறும் கண்ணாடிப் பாத்திரம்தான். கசப்பு நீர் ஊறிய மண்ணில் மெக்னீசியம் உப்பு தன் தண்ணீரில் ஒரு பங்கை 105 டிகிரியிலும் விடாது. அந்த மண்ணுக்கு இந்த முறையே முழுமையான விடை தராது என்று எழுதிவைப்பதுதான் நேர்மை.

அடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 24 மணி நேரம் என்பது வழக்கம், எடை மாறாமல் நிற்பது என்பதுதான் நிபந்தனை. இடையில் மின்சாரம் போய் வந்தால் கடிகாரத்தை நம்ப முடியாது. இரண்டு மூன்று மணி நேரம் கூட வைத்து இன்னொரு ரீடிங் எடுத்துப் பார்க்க வேண்டும். பாதி காய்ந்த டப்பாக்களுக்கு நடுவே வேறொருவர் புதிதாக ஈர மண்ணைக் கொண்டுவந்து வைத்தால் அடுப்புக்குள் காற்று ஈரமாகி, காய்ந்துகொண்டிருப்பது மெதுவாகும். காய்ந்த களிமண் கொஞ்சம் திரும்ப இழுத்துக்கொள்ளவும் செய்யும். பரிசோதனை வகுப்பில் இது அடிக்கடி நடக்கும், ரெக்கார்டில் யாரும் எழுதுவதில்லை.

பிழைக்கான காரணங்கள் பகுதியில் வழக்கமாக நிற்பவை ‘தராசுப் பிழை’, ‘மனிதப் பிழை’, ‘வெப்பநிலை மாறுபாடு’ என்ற மூன்றும்தான். எந்தப் பரிசோதனைக்கும் ஒட்டவைக்கக்கூடிய சொற்கள் இவை. ஒவ்வொரு பிழைக்கும் அது விடையை எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு தள்ளும் என்ற இரண்டையும் எழுதினால்தான் அந்தப் பகுதிக்குப் பொருள் உண்டு. மூடி தளர்ந்தால் விடை குறையும். சூடாக எடை பார்த்தால் W3 குறைந்து விடை கூடும். உப்பு ஈரம் இழுத்தால் W3 கூடி விடை குறையும். ஜிப்சம் விடையைக் கூட்டும், படிந்த உப்பு குறைக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் ஒன்று தராசுக்கு வெளியே இருக்கிறது. அதே வரப்பில் இரண்டடி இடைவெளியில் எடுத்த மூன்று டப்பாக்கள் திருத்திய கணக்கில் 27.4, 24.9, 31.2 என்று வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஓரிடத்தில் பாத்தி நீர் ஊறியிருக்கும், ஓரிடத்தில் நண்டு வளையால் மண் பொலபொலத்திருக்கும். சராசரி 27.8. இப்படி மூன்று சதவீதம் முன்னேபின்னே ஆடும்போது இரண்டு சதவீதத் திருத்தத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். டப்பாவுக்கு டப்பா மாறும் வித்தியாசம், டப்பாக்களைக் கூட்டக் கூட்டச் சராசரியில் கரையும். ஜிப்சமும் உப்பும் கொண்டுவரும் பிழை எல்லா டப்பாவிலும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால், நூறு டப்பா எடுத்தாலும் அப்படியே நிற்கும்.

முடிவு வரியில் மாணவி உச்சிப்புளி மணலுக்கு 5.4 சதவீதம் என்று எழுதலாம். வாலிநோக்கத்து வரப்பு மண்ணுக்கு ஒரே எண் போதாது. மூன்று டப்பாவின் சராசரி 28 சதவீதம், 25-க்கும் 31-க்கும் இடையே, 60 டிகிரியில் உலர்த்தியது, இடுக்கு நீரில் 20 சதவீதம் உப்பு என்று கொண்டு திருத்தியது. முதல் டப்பாவில் நூறு கிராம் மண்ணுக்கு இருந்த உப்புநீர் 34 கிராம். வரப்பு எவ்வளவு கனக்கும், எப்போது சரியும் என்று பார்ப்பவருக்கு 27-ஐவிட இந்த 34-தான் வேண்டியிருக்கும், ஏனென்றால் மண்ணின் இடுக்கை அடைத்துக்கொண்டிருப்பது உப்பும் தண்ணீரும் சேர்ந்த அந்த நீர்தான்.